கையை மட்டும் எடுத்த படம்

கமலாசனி எந்தப் போத்தலையும் முகத்துக்கு நேரே பிடித்துத் திறக்கமாட்டாள். மண்ணெண்ணெய்ப் போத்தல், சோடாப் போத்தல், ஊறுகாய்ப் போத்தல், எதுவானாலும் இரண்டு கையையும் முன்னே நீட்டி, முகத்தை இடது தோளின் பக்கம் திருப்பிக்கொண்டு, மெல்ல மெல்லத்தான் மூடியைக் கழற்றுவாள். கலியாண வீட்டுக் குசினியில் பெண்கள் பார்த்துச் சிரிப்பார்கள். "என்னடி, அதுக்குள்ள பாம்பே கிடக்கு?" என்று கேட்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த போத்தலையும் அப்படியே திறப்பாள். பத்துப் பன்னிரண்டு வருடமாக இந்தப் பழக்கம் மாறவில்லை.

பழக்கம் வந்த இடம் கலைவாணிக் கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடம். ஸ்கந்தபுரம் போகிற தெருவில், வாய்க்காலைத் தாண்டியதும் வருகிற கல்லூரி அது. கமலாசனியின் தகப்பன் ஐம்பத்து மூன்றாம் ஆண்டு வடமராட்சியிலிருந்து மூன்று ஏக்கர் வயற்காணிக்காக இங்கே குடிவந்தவர். வந்த இரண்டாம் வருடமே காய்ச்சலில் போய்விட்டார். எட்டாம் வகுப்போடு கமலாசனியின் படிப்பும் நின்றது. தாய் அன்னபாக்கியம் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டுபோய்க் கல்லூரி வாசலில் நின்றாள். புதிதாகக் கட்டிய ஆய்வுகூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவ ஓர் ஆள் தேவைப்பட்டது. ஐம்பத்தேழாம் ஆண்டு, பதினெட்டு வயதில், கமலாசனி அங்கே வேலைக்குச் சேர்ந்தாள்.

வாய் பேசத் தெரியாத பிள்ளை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். யாராவது எதையாவது கேட்டால் நிலத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லுவாள். ஆனால் கண் மட்டும் சும்மா இருக்காது. ஒரு வருடத்துக்குள் எந்தப் போத்தல் எந்தத் தட்டில் இருக்கவேண்டும், எதை எதோடு பக்கத்தில் வைக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. போத்தலைச் சரிக்கும்போது பெயர் ஒட்டிய பக்கம் உள்ளங்கைக்குள் இருக்கவேண்டும், அப்போதுதான் வழிகிற துளி பெயரை அரிக்காது என்பதைக்கூட யாரும் சொல்லித்தராமலே பார்த்துப் பிடித்துக்கொண்டாள். இரசாயன ஆசிரியர் கனகலிங்கம் மாஸ்டர் களஞ்சிய அலுமாரியைப் பூட்டித் திறக்கிற திறப்பை அவளிடமே கொடுத்து வைத்தார். அந்தத் திறப்பு இடுப்பில் கிடந்த மூன்று வருடமும் அவள் நடந்த நடையே வேறு.

அந்த ஆய்வுகூடத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. திறந்த அன்றே கிழக்குச் சுவரில் சரஸ்வதி படம் மாட்டி, தேங்காய் உடைத்து, பூசை செய்துதான் திறந்தார்கள். அன்று தொட்டுச் செருப்பும் சப்பாத்தும் வாசலுக்கு வெளியேதான். பிள்ளைகள் வெறுங்காலோடுதான் உள்ளே வருவார்கள். வெள்ளிக்கிழமையில் கற்பூரமும் கொளுத்துவார்கள். மாஸ்டர் வெறுங்காலோடு நிற்பது மேடையில். மற்றவர்கள் நிற்பது சீமெந்து நிலத்தில்.

அறுபத்தோராம் ஆண்டு ஆவணி மாதம். மழை இல்லை, வாய்க்காலும் பூட்டு, கல்லூரிக் கிணறு அடிமட்டத்துக்குப் போய்விட்டது. மேலே இருக்கிற தாங்கிக்குத் தண்ணீர் ஏறாததால் ஆய்வுகூடத்துக் குழாய்கள் மூன்று கிழமையாகக் காய்ந்து கிடந்தன. அடுத்த நாள் உயர்தர வகுப்புக்குச் செய்முறைப் பரீட்சை. தண்ணீர் கலந்து ஐதாக்கிய சல்பூரிக்கமிலம் நிறையத் தேவை. கமலாசனி கிணற்றில் இறைத்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இன்னும் இரண்டு வாளி கொண்டுவர அவள் திரும்பியபோது மாஸ்டர் மறித்தார்.

"காணும் பிள்ளை, நேரமில்லை. உந்தச் சாடியைப் பிடி."

தடித்த கண்ணாடிச் சாடி அது, இனிப்புக் கடையில் இருக்கிற மாதிரி. அதற்குள் அவர் ஏற்கெனவே கடும் அமிலத்தை ஊற்றி வைத்திருந்தார். கமலாசனிக்கு அது பிழையென்று தெரியும். எப்போதும் தண்ணீரை முதலில் வைத்து, அதற்குள் அமிலத்தைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். மாஸ்டரே அப்படித்தான் வகுப்பில் படிப்பிப்பார். ஆனால் மாஸ்டருக்கு முன்னால் வாய் திறந்து "சேர், இது மாறி" என்று சொல்ல அவளால் முடியவில்லை. சாடியை இரண்டு கையாலும் பிடித்தாள். மாஸ்டர் செம்புத் தண்ணீரை அமிலத்துக்குள் ஊற்றினார்.

சீறிக்கொண்டு மேலெழுந்தது. அவள் முகத்தைத் திருப்பியதால் கண் தப்பியது. சூட்டில் சாடியின் அடி வெடித்து, உள்ளே இருந்ததெல்லாம் அவளுடைய வெறுங்காலில் கொட்டியது. மாஸ்டர் மேடைக்குப் பின்னால் பாய்ந்துவிட்டார். கழுவத் தண்ணீர் இல்லை. இருந்த ஒரு செம்பும் சாடிக்குள் போய்விட்டது. யாரோ கந்தோரிலிருந்து தேங்காயெண்ணெய் கொண்டுவந்து பூசினார்கள். கிணற்றிலிருந்து முதல் வாளி வந்து சேர்ந்தபோது வலக்காலின் தோல் எண்ணெயோடு சேர்ந்து வழிந்துகொண்டிருந்தது.

நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வலக்காலில் மூன்று விரல்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. உடையார்கட்டு ஊரில் பேசி முடித்திருந்த சம்பந்தம், அவள் கட்டில் விட்டு எழும்ப முன்னமே கலைந்துபோனது. மாப்பிள்ளையின் தாய் வந்து பார்த்துவிட்டு, "காலைப் பாத்தாலே சோறு இறங்காது" என்று அன்னபாக்கியத்துக்குக் கேட்கவே சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பி வேலைக்கு வந்த அன்று அலுமாரித் திறப்பு அவளிடம் இல்லை. விபத்துப் புத்தகத்தில் மாஸ்டரின் கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது. "ஊழியர் கமலாசனி, ஆசிரியர் இல்லாத வேளையில், கவனக்குறைவாக அமிலத்துக்குள் நீரை ஊற்றியதால் காயமடைந்தார். முன்னரும் எச்சரிக்கப்பட்டவர்." அந்த இரண்டு வரிக்காக அவளை நிரந்தரமாக்கவில்லை. ஆளை வேலையைவிட்டுக் கலைக்கவுமில்லை. கழுவுவது, துடைப்பது, தண்ணீர் இறைப்பது மட்டும் அவள் வேலை. போத்தல் தொடக்கூடாது.

அவள் யாரிடமும் முறைப்பாடு சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு வரி அழியவேண்டும் என்பதைத் தவிர நாலு வருடமாக அவளுக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

அறுபத்தைந்தாம் ஆண்டு ஆனியில் பாறூக் வந்து இறங்கினார். வவுனியாக்காரர், கொழும்பில் படம் பிடிக்கிற தொழில். தமிழில் விஞ்ஞானம் படிக்கிற உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கென்று, ஆய்வுகூடத்தில் எப்படிப் பத்திரமாக வேலை செய்வது என்பதைக் காட்ட இருபது நிமிடப் படம் ஒன்று எடுக்கக் கல்வித் திணைக்களத்தில் அவரிடம் சொல்லியிருந்தார்கள். சாவி கொடுத்து ஓட்டுகிற சின்னக் கமெராவும், மூன்று கால் தாங்கியும், எண்ணி வைத்த படச்சுருள்களும், மூன்று நாள் தவணையும் அவரிடம் இருந்தன. படம் ஊமையாக எடுத்து, பிறகு கொழும்பில் குரல் சேர்ப்பார்கள். குரல் கொடுக்கிறவரும் ஆலோசகரும் கனகலிங்கம் மாஸ்டர்.

வாசலிலேயே பாறூக் நின்றுவிட்டார். வரிசையாகக் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். உள்ளே வெறுங்காலோடு நின்ற பிள்ளைகளைப் பார்த்தார்.

"சேர், முதல் காட்சியே சப்பாத்துத்தான். கால் மூடின சப்பாத்து. இவையள் எல்லாம் வெறுங்காலோட நிக்கினமே?"

"அது எங்கட முறை. உள்ளுக்குக் கலைமகள் இருக்கிறா" என்றார் மாஸ்டர்.

"நான் சொன்னால் பிழையாப் போயிடும் சேர், நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கோ. ஆனால் அது என்ன, தட்டில கற்பூரம்? ஸ்பிரிட் போத்தலுக்குப் பக்கத்திலயா?"

கல்லூரி அதிபர் சிற்றம்பலம் வந்து தீர்த்து வைத்தார். சரஸ்வதி படத்தை மூன்று நாளைக்கு அதிபரின் அறைக்குக் கொண்டுபோவது, சப்பாத்து எடுக்கப்போகிற படத்துக்கு மட்டும். சரியாகச் செய்து காட்டுகிற பிள்ளையாக நடிக்க உயர்தர வகுப்பு அருந்ததியைத் தெரிந்தெடுத்தார்கள். அவளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கறுப்புச் சப்பாத்து வந்தது. பருத்தி மேலங்கி, காப்புக் கண்ணாடி, றப்பர் கையுறை எல்லாம் பாறூக் கொண்டுவந்திருந்தார். இரட்டைப் பின்னலைச் சுருட்டிக் கட்டி, தாவணியை மேலங்கிக்குள் செருகியதும் அருந்ததி டொக்டர் மாதிரி இருந்தாள்.

முதல் நாள் முழுக்க அருந்ததிதான். சோதனைக் குழாயைச் சூடாக்கும்போது அதன் வாயை யார் பக்கமும் திருப்பாமல் ஆட்டி ஆட்டிக் காட்டினாள். மணக்கும்போது மூக்கைக் கொண்டுபோகாமல் கையால் ஆவியை விசிறி எடுத்தாள். திரவத்தை வாயால் உறிஞ்சாமல் றப்பர்ப் பந்தால் எடுத்தாள். ஸ்பிரிட் விளக்கை ஊதாமல் மூடியால் மூடி அணைத்தாள். அதற்குப் பக்கத்தில் இரண்டு பெடியன்கள் பிழை செய்து காட்டினார்கள். ஒருவன் எரிகிற விளக்கைச் சரித்து மற்ற விளக்கைப் பற்றவைக்கப் போனான், இன்னொருவன் குழாய்க்குள் எட்டிப் பார்த்தான். வகுப்பே சிரித்தது.

கமலாசனியின் வேலை, யன்னலடியில் வெள்ளைச் சீலை ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு, வெயிலை அருந்ததியின் முகத்துக்குத் திருப்பிவிடுவது. ஏழு மணித்தியாலம் பிடித்தாள். பின்னேரம் சாமான் கட்டும்போதுதான் பாறூக் அவள் காலைக் கண்டார்.

"தங்கச்சி, இது இங்க நடந்ததா?"

அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"எப்படி நடந்ததெண்டு சொல்லுங்கோ. பேர் போடமாட்டன்."

யாரும் அதை அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. "நான் ஊத்தேல்லை சேர். பிடிச்சுக்கொண்டு நிண்டனான்" என்று தொடங்கியவள், செம்பு, சாடி, தண்ணீர் இல்லாத குழாய், எண்ணெய் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பாறூக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

"இதுதான் படத்தின்ர முக்கியமான இடம்" என்றார். "தெரிஞ்ச ஆளுக்கே அவசரத்தில பிழைக்கும் எண்டதைத்தான் பிள்ளையள் பாக்கவேணும். ஆசிரியரின்ர கை ஊத்துறதாக் காட்டுவம். முகம் தேவையில்லை. அதுக்குப் பிறகு உங்கட கால். உங்கட முகமும் வராது, சத்தியம்."

அடுத்த நாள் காலை அவர் எழுதியதைக் கொண்டுபோய் அதிபரிடம் காட்டினார். சிற்றம்பலம் விபத்து நடந்த பிறகு மாற்றலாகி வந்தவர், கெட்டவர் அல்ல, தனக்குத் தொல்லை வராத நன்மையைச் செய்யக்கூடியவர். கமலாசனியைக் கூப்பிட்டார்.

"இஞ்ச பார் பிள்ளை. புத்தகத்தில மாஸ்டர் எழுதினதை நான் வெட்டேலாது. ஆனால் படத்தில அவர் தன்ர கையால அப்படிச் செய்து காட்டினால் அது எனக்குக் காணும். அதை வைச்சுக்கொண்டு புது அறிக்கை எழுதி, உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி அனுப்புவன்."

"ஓம் சேர்" என்றாள்.

அன்று முழுக்க மாஸ்டர் அந்தக் கொப்பியைத் தொடவில்லை. "பாப்பம், பாப்பம்" என்றுகொண்டே இருந்தார். பின்னேரம் அவளுடைய காலைப் படமெடுக்கவேண்டும் என்றார் பாறூக். அவள் ஒரு கதிரையில் இருந்து, சீலைக் கரையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி, ஒட்டிப்போன விரல்களை வெயிலில் வைத்தாள். சுற்றிவர உயர்தர வகுப்பு. அந்தக் காலை இவ்வளவு கிட்ட நின்று யாரும் பார்த்ததில்லை. பின்னால் ஒருத்தி ஓங்காளித்தாள். ஒரு பெடியன் மெல்ல, "வாத்துக் கால் மாதிரி இருக்கு" என்றான். கமெரா கிர்ரென்று ஓடியது. நாளைக்கு மாஸ்டரின் கை வரும் என்று நினைத்துக்கொண்டு அவள் காலை ஆட்டாமல் வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் காலை சரியான முறையை எடுத்தார்கள். பெரிய கண்ணாடி முகவையில் முதலில் தண்ணீர். அந்த முகவையை இன்னொரு குளிர்தண்ணீர்ப் பேசினுக்குள் வைத்தார்கள். கண்ணாடிக் கோலால் கலக்கிக்கொண்டு, கோலின் வழியே அமிலத்தைத் துளித்துளியாக விட்டாள் அருந்ததி. பக்கத்தில் இரண்டு வாளி நிறையத் தண்ணீர். பட்டால் உடனே, உடுப்பைக் கழற்றிவிட்டு, கால் மணித்தியாலம் தண்ணீர் ஊற்றவேண்டும், எண்ணெய் பூசக்கூடாது என்று சொல்வதற்கு ஒரு காட்சி.

கடைசியாகப் பிழையான முறை. உண்மை அமிலம் வேண்டாம் என்று பாறூக் தன் வித்தையைக் காட்டினார். சாடிக்குள் வினாகிரி, செம்புக்குள் அப்பச்சோடா கரைத்த தண்ணீர். சேர்ந்ததும் நுரைத்துப் பொங்கும், ஆளுக்கு ஒன்றும் செய்யாது. ஒரே ஒரு சுருளில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

மாஸ்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். பாறூக்கைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய் ஏதோ சொன்னார். நெடுநேரம் சொன்னார். கமலாசனி யன்னலடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பாறூக் முதலில் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு தலையாட்டுவது நின்றது. ஆலோசகர் கையெழுத்து வைக்காவிட்டால் படம் வெளியே போகாது. அது அவளுக்குத் தெரியாது. பாறூக்கின் தோள் இறங்கியதுதான் தெரிந்தது.

"கமலாசனி, இஞ்ச வா" என்றார் மாஸ்டர். குரலில் ஒரு நாளும் இல்லாத பட்சம். "வெளிச்சம் சரியோ எண்டு பாக்கவேணும். நான் ஊத்த முதல் நீ ஒருக்கால் ஊத்திக் காட்டு. சாடியை அருந்ததி பிடிக்கட்டும்."

அவள் வந்து செம்பைத் தூக்கினாள். இடக்கையில் இரண்டு, வலக்கையில் இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல்கள். பாறூக் கமெராவுக்குப் பின்னால் குனிந்திருந்தார். நிமிரவில்லை.

"ஊத்து பிள்ளை."

அப்போது அவளுக்குக் கேட்டது. கிர்ரென்ற சத்தம். முதல் நாள் முழுக்கவும், நேற்றுத் தன் கால் வெயிலில் கிடந்த நேரம் முழுக்கவும் கேட்ட அதே சத்தம். வெளிச்சம் பார்க்கும்போது அந்தச் சத்தம் வராது. மூன்று நாளும் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு அது நன்றாகத் தெரியும். செம்பைக் கீழே வைத்தால் போதும். "சேர், கமெரா ஓடுது" என்று மூன்று சொல் சொன்னால் போதும். பதினைந்து பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாஸ்டர் மேடையில் நின்றார். அருந்ததி சாடியைப் பிடித்தபடி ஒருமுறை கமெராவைப் பார்த்தாள், ஒருமுறை கமலாசனியைப் பார்த்தாள். அவளுக்கும் கேட்டது.

கமலாசனி ஊற்றினாள். நுரை பொங்கி வளையல்வரை வந்தது.

"அருமை" என்றார் மாஸ்டர்.

"இப்ப நீங்கள் ஊத்துங்கோ சேர்" என்றாள் கமலாசனி. அவள் தானாக வாய் திறந்து மாஸ்டரிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

மாஸ்டர் பாறூக்கைப் பார்த்தார். "சுருள் இருக்கோ?"

"முடிஞ்சுது" என்றார் பாறூக். கமெராவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். போகும்போது அவளிடம் வந்து, "தங்கச்சி, முகம் வராது" என்று மட்டும் சொன்னார். அந்தச் சத்தியத்தை அவர் காப்பாற்றினார்.

படம் அடுத்த மாசியில் வந்தது. மண்டபத்தில் கறுப்புச் சீலை கட்டி இருட்டாக்கி, ஜெனறேற்றர் வைத்து, முழுக் கல்லூரியையும் இருத்திப் போட்டார்கள். வெள்ளைச் சீலையைச் சுவரில் இழுத்துக் கட்டியவள் கமலாசனி. பிறகு கடைசி வரிசை மர வாங்கில் போய் இருந்தாள். ஏழெட்டு மாதமாகத் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள். கொழும்பில் இன்னும் ஒரு சுருள் இருந்திருக்கும், வேறொருவரின் கையை எடுத்திருப்பார்கள், அந்தப் பாறூக் பாவம் நல்லவர் என்று.

அருந்ததியின் முகம் வந்தபோது கைதட்டு. பெடியன்களின் பிழைகள் வந்தபோது சிரிப்பு. பிறகு சாடி வந்தது. செம்பு வந்தது. செம்பைப் பிடித்த கையில் பச்சை வளையல்கள் வந்தன. படம் கறுப்பு வெள்ளைதான், ஆனாலும் அந்த வளையல்கள் யாருடையவை என்று எல்லோருக்கும் தெரிந்தது. மாஸ்டரின் கணீரென்ற குரல் சொன்னது:

"ஆசிரியர் இல்லாத வேளையில், கவனக்குறைவான ஊழியர் ஒருவர் அமிலத்துக்குள் நீரை ஊற்றுகிறார். விளைவைப் பாருங்கள்."

நுரை பொங்கியது. உடனே கால். சுவர் அளவுக்குப் பெரிதாக, ஒட்டிப்போன விரல்களோடு, அசையாமல். சின்ன வகுப்புப் பிள்ளைகள் கத்தின. "ஐயோ, கமலாசனி அக்காவின்ர கால்!" என்று ஒரு குரல். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

அவள் எழும்பி நின்றாள். எப்படி எழும்பினாள் என்று அவளுக்கே தெரியாது.

"ஊத்தினது நான் இல்லை" என்றாள். "மாஸ்டர்தான் ஊத்தினவர். நான் சாடியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

முன்வரிசையிலிருந்து ஒரு பெடியன், "அக்கா, கையை ஒருக்காத் தூக்கிக் காட்டுங்கோ!" என்றான். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. அவள் கையில் அதே வளையல்கள்தான் கிடந்தன.

கனகலிங்கம் மாஸ்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். "இரு பிள்ளை, இரு" என்றார், நோயாளியோடு கதைக்கிற மாதிரி. "எல்லாரும் பாத்தவைதானே." பிறகு அதிபர் பக்கம் திரும்பினார். "அருந்ததி பக்கத்திலயே நிண்டவள். வேணுமெண்டால் கேளுங்கோ."

அதிபர் கேட்டார். "அருந்ததி, அண்டைக்கு மாஸ்டர் பிறகு தான் ஊத்துறன் எண்டு சொன்னவரோ? இவவைச் சும்மா ஊத்திக் காட்டச் சொன்னவையோ?"

அருந்ததி எழும்பினாள். அவளுடைய செய்முறைப் புள்ளிகள் மாஸ்டரின் கையில். தாவணித் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"நான் கவனிக்கேல்லை சேர்."

"கமெரா ஓடினது உனக்குக் கேட்டது" என்றாள் கமலாசனி கடைசி வாங்கிலிருந்து. "நீ என்னைப் பாத்தனி."

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை அக்கா."

அதிபர் சிற்றம்பலம் அன்று பின்னேரமே அவளைக் கூப்பிட்டார். மேசையில் புது அறிக்கைக்கு எடுத்து வைத்த தாள் கிடந்தது. "படத்தில வந்ததைத்தானே பிள்ளை நான் எழுதலாம்" என்றார். "முந்தி புத்தகத்தில மட்டும் இருந்தது. இப்ப படத்திலயும் இருக்கு. நீயே ஊத்திக்கொண்டு நிக்கிறாய். நான் என்ன செய்ய?"

"ஓம் சேர்" என்றாள் கமலாசனி.

"ஏன் ஊத்தினனி? வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாமே?"

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். வீட்டில் தாயும் அதையே கேட்டாள். அன்னபாக்கியம் அடுப்படியில் இருந்து, "உன்ர வாய்க்குள்ள என்னடி, கொழுக்கட்டையே?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். பிறகு அழுதபடியே சோறு போட்டாள்.

படம் நல்ல படம். அதைச் சொல்லத்தான் வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் தமிழில் விஞ்ஞானம் படிப்பிக்கிற கல்லூரிகளுக்கெல்லாம் போனது. கலைவாணிக் கல்லூரியில் இப்போது உள்ளே சப்பாத்துப் போடுகிறார்கள். சரஸ்வதி படம் வாசலுக்கு வெளியே வந்துவிட்டது, கற்பூரமும் அங்கேதான். எந்நேரமும் இரண்டு வாளி தண்ணீர் நிறைந்து நிற்கும், அதை நிறைப்பவள் கமலாசனி. படம் வந்த பிறகு ஒரு பிள்ளைக்கும் ஒரு துளி அமிலம் படவில்லை. யாராவது தண்ணீர்ப் போத்தலை அமிலத்தின் பக்கம் கொண்டுபோனால் மற்றப் பிள்ளைகள், "டேய், கமலாசனி விட்டிடாதை!" என்று கத்துவார்கள். அந்தப் பிழைக்கு அங்கே அதுதான் பெயர். கத்துகிற பிள்ளைகளில் பலருக்கு, பக்கத்தில் நின்று முகவை கழுவுகிறவளுக்கும் அதுதான் பெயர் என்பது ஞாபகம் வராது. வந்தாலும் நாக்கைக் கடித்துவிட்டுச் சிரிப்பார்கள்.

கனகலிங்கம் மாஸ்டர் படத்தின் பின் பதவி உயர்வு கிடைத்து யாழ்ப்பாணம் போய்விட்டார். அருந்ததி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பாறூக் ஒருமுறை ஒரு கடிதம் எழுதினார், படத்தின் பெயர் அச்சடித்த தாளில். நாலு வரி. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை, சுகம் விசாரித்திருந்தார். கமலாசனி அதற்குப் பதில் போடவில்லை.

இது அறுபத்தொன்பதாம் ஆண்டு. கமலாசனிக்கு முப்பது வயது. ஒவ்வொரு தையிலும் புது உயர்தர வகுப்புக்கு அந்தப் படத்தைப் போடுகிறார்கள், அவள்தான் வெள்ளைச் சீலையைக் கட்டுகிறாள். படம் ஓடும்போது வெளியே நின்று வாளிகளை நிறைப்பாள். விபத்துப் புத்தகத்தில் இரண்டு வரியும் அப்படியே இருக்கின்றன. அவள் இன்னும் தற்காலிக ஊழியர்தான்.